அரை மணி நேரம் ஏன் 9 நிமிடம் ஆயிற்று?

ஒரு சிறு ஊரில் உள்ள மருத்துவமனை அது. இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் நோயாளிகளின் குறிப்புகளையும் சேமித்து வைக்கும் கணிப்பொறிகள் மாடிப்படிக்கு அருகே ஒரு சிறு அறையில் இருக்கின்றன. மின்சாரம் நின்றால் அவை நின்றுவிடாதபடி யு.பி.எஸ். என்னும் கருவி காக்கிறது. மின்சாரம் இருக்கும்போது அது பாட்டரிகளை மின்னேற்றி வைக்கும். மின்சாரம் நின்ற கணமே பாட்டரியின் நேர்திசை மின்னோட்டத்தை மாறுதிசை மின்னோட்டமாக மாற்றிக் கணிப்பொறிகளுக்குக் கொடுக்கும்.

ஒரு நாள் பிற்பகல் மின்சாரம் நின்றது. வழக்கமாகச் சில விநாடிகளில் உறுமத் தொடங்கும் டீசல் ஜெனரேட்டர் அன்று உறுமவில்லை. அதைக் கிளப்புவதற்கென்று உள்ள பாட்டரியே செத்துக் கிடந்தது! "கவலை வேண்டாம், யு.பி.எஸ். அரை மணி நேரம் தாங்கும்" என்றார் பொறுப்பாளர். சரியாக 9 நிமிடத்தில் அறை இருண்டது. எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்புகள் பாதியில் அறுந்தன. அவற்றைச் சரிசெய்ய ஓர் இரவும் ஒரு பகலும் ஆயின. அதற்குள் பல பரிசோதனைகளை மீண்டும் செய்ய நேர்ந்தது.

அந்த அறையைப் பார்க்க என்னை அழைத்தார்கள். பொறுப்பாளர் ஒரு பழைய தாளைக் காட்டினார். பாட்டரி வாங்கியபோது போட்ட கணக்கு அதில் இருந்தது. நீங்களே பாருங்கள். இதில் எங்கே பிழை?

கணிப்பொறிகள் எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவது 2400 வாட். மாற்றும்போது யு.பி.எஸ். சிறிது விழுங்கிவிடும், பாட்டரி தரும் ஒவ்வொரு 100 வாட்டிலும் 92 வாட்தான் வெளியே வரும். ஆகவே பாட்டரி தர வேண்டியது 2400 ÷ 0.92 = 2609 வாட். 12 வோல்ட் பாட்டரிகள் 16ஐத் தொடராக இணைத்திருக்கிறார்கள். மொத்தம் 192 வோல்ட். மின்னோட்டம் 2609 ÷ 192 = 13.6 ஆம்பியர். அரை மணி நேரத்துக்கு 6.8 ஆம்பியர்-மணி தேவை. கடையில் 7 ஆம்பியர்-மணி பாட்டரி கிடைக்கிறது. வாங்கியாயிற்று!

பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. பாட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் "7 ஆம்பியர்-மணி" என்பதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை; பிழை அங்கேதான். இத்தகைய சிறு பாட்டரிகளில் அந்த எண் பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு. அதாவது 0.35 ஆம்பியர் வீதம் மெல்ல மெல்ல எடுத்தால் 20 மணி நேரம் வரும், 0.35 × 20 = 7. நம் அறையிலோ 13.6 ஆம்பியரை, அதைப்போல் ஏறக்குறைய 39 மடங்கு வேகத்தில் இறைக்கிறோம்.

ஊற்றுக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுவதும் குடத்தால் மொண்டால் வற்றுவதே இல்லை. மோட்டார் போட்டு இறைத்தால் சிறிது நேரத்தில் அடி தெரிகிறது. ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பார்த்தால் மறுபடி தண்ணீர் நிற்கிறது. ஊற்று சுரக்கும் வேகத்தை மீறி இறைத்ததுதான் காரணம்.

காரீய-அமில பாட்டரியிலும் இதுவே நடக்கிறது. அதன் தகடுகள் கடற்பஞ்சுபோல நுண்துளைகள் கொண்டவை. மின்னிறக்கத்தின்போது அத்துளைகளில் இருக்கும் கந்தக அமிலம் காரீயத்தோடும் காரீய டை ஆக்சைடோடும் வினைபுரிந்து காரீய சல்பேட்டாகிறது. செலவான அமிலத்துக்கு ஈடாக வெளியிலிருந்து புதிய அமிலம் துளைக்குள் ஊர்ந்து வர வேண்டும். அந்த ஊர்தல் மிக மெதுவானது. வேகமாக இறைத்தால் துளைக்குள் இருப்பது நீர்த்துப்போகும். புதிதாக உண்டான சல்பேட்டும் துளைவாயை அடைக்கும். உள்ளே இன்னும் காரீயமும் அமிலமும் மிச்சமிருக்க, மின்னழுத்தம் மட்டும் சரிந்துவிடும். மோட்டார் வண்டி கிளம்பாமல் முனகும்போது ஓட்டுநர் ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்புகிறாரே, அது ஊற்று சுரப்பதற்காகக் காத்திருப்பதுதான்.

வேகம் கூடக்கூடக் கொள்ளளவு எப்படிக் குறைகிறது என்பதை 1897இல் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் ஒரு சூத்திரமாக எழுதினார். ஆனால் யு.பி.எஸ். கணக்குப் போடுபவர்கள் அதை அதிகம் நம்புவதில்லை. தயாரிப்பாளர் தன் பாட்டரியை உண்மையிலேயே இறக்கிப் பார்த்துத் தரும் அட்டவணையைத்தான் நாடுவார்கள். அதன்படி இந்த 7 ஆம்பியர்-மணி பாட்டரி, புத்தம் புதிதாக இருக்கும்போதே, நம் பளுவைச் சுமார் 12 நிமிடம்தான் தாங்கும்.

அட்டவணையைப் படிக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. கணிப்பொறிகளுக்கு வேண்டியது மாறாத மின்திறன்; மாறாத மின்னோட்டம் அன்று. பாட்டரியின் மின்னழுத்தம் இறங்க இறங்க, அதே 2609 வாட்டைத் தர யு.பி.எஸ். இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். 192 வோல்ட்டில் 13.6 ஆம்பியர், 168 வோல்ட்டுக்கு இறங்கும்போது 15.5 ஆம்பியர். களைத்துப் போகிற மாட்டின்மேல் மேலும் மேலும் மூட்டை ஏற்றுவதுபோல! அதனால் அட்டவணையில் "ஒரு கலத்துக்கு இத்தனை வாட், இத்தனை நிமிடம், கலத்தின் மின்னழுத்தம் இத்தனை வோல்ட்டுக்கு இறங்கும் வரை" என்று கொடுத்திருப்பார்கள். நம் யு.பி.எஸ். ஒரு கலத்துக்கு 1.75 வோல்ட் என்ற அளவில், அதாவது மொத்தம் 168 வோல்ட்டில், தானாகவே நின்றுவிடும். அதற்குக் கீழே இறக்கினால் பாட்டரி கெடும்.

இனிச் சரியான கணக்கைப் போடுவோம். ஒரு 12 வோல்ட் பாட்டரிக்குள் 6 கலங்கள்; 16 பாட்டரிகளில் 96 கலங்கள். 2609 ÷ 96 = 27.2 வாட் ஒரு கலத்துக்கு.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகக்கூடாது. பாட்டரி நாளுக்கு நாள் கிழடாகிறது. அச்சிட்ட கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் மாற்றிவிட வேண்டும் என்பது பொறியாளர்களின் வழக்கம். அந்தக் கடைசி நாளிலும் அரை மணி நேரம் கிடைக்க வேண்டுமானால் 0.8ஆல் வகுக்க வேண்டும்: 34 வாட். நாளைக்கே இன்னொரு கணிப்பொறியை யாராவது கொண்டுவந்து செருகுவார்கள், செருகாமல் இருக்கமாட்டார்கள். அதற்காகப் பத்து சதவீதம் கூட்டினால் 37.4 வாட். 25 டிகிரி வெப்பநிலையில், 30 நிமிடத்துக்கு, 1.75 வோல்ட் வரை, 37.4 வாட் தரும் கலம் எது?

அட்டவணையில் 7 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு எதிரே இருப்பது ஏறக்குறைய 14 வாட். 18 ஆம்பியர்-மணிக்கு 35 வாட். அடடா, மயிரிழையில் போயிற்று! அடுத்தது 26 ஆம்பியர்-மணி, சுமார் 50 வாட். அதுதான் விடை. பழைய தாள் சொன்னதைப்போல் நான்கு மடங்கு! புதிதாக இருக்கும்போது இது ஒரு மணி நேரம் ஓடும். "வீண் செலவு" என்று கணக்கர் முணுமுணுத்தார். 18ஐ வாங்கியிருந்தால் முதல் ஓரிரு ஆண்டுகள் அவர் சொன்னதே சரியாக இருந்திருக்கும்.

புதிய பாட்டரி என்றால் 12 நிமிடம் வர வேண்டுமே, அன்று 9 நிமிடத்தில் நின்றது ஏன் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அந்தப் பாட்டரிகளுக்கு இரண்டு வயது. மாடிப்படியின் கீழே, காற்றோட்டமில்லாத இடத்தில், ஏறக்குறைய 35 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்தார்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இத்தகைய பாட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். ஐந்தாண்டுப் பாட்டரி இரண்டரை ஆண்டில் கிழடாகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், மீட்டர் வைத்து அளந்தபோது 16 பாட்டரிகளும் 13.5 வோல்ட் காட்டின. எல்லாம் நலம் என்று தோன்றும். மின்னேற்றி இணைந்திருக்கும்போது நோய் தெரியாது. கணிப்பொறிகளுக்குப் பதிலாக மின்சூடேற்றிகளைப் பளுவாக இணைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு அளந்தோம். ஐந்தாம் நிமிடத்தில் பதினைந்து பாட்டரிகள் 11.5 வோல்ட்டுக்கு மேல் நின்றன. ஒன்று மட்டும் 10.2க்குச் சரிந்திருந்தது. தொடர் இணைப்பில் அந்த ஒன்று போதும், வரிசை முழுவதையும் முன்கூட்டியே நிறுத்திவிட. (இந்தச் சோதனையை நீங்கள் செய்யப் புறப்படவேண்டாம். 192 வோல்ட் நேர்திசை மின்சாரம் ஆளைக் கொல்லும்.)

அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றார் ஒருவர். வயதான பதினைந்தோடு புதியது ஒன்றைச் சேர்த்தால் மின்னேற்றத்தில் ஒத்துப்போகாது. அடுத்த ஆண்டு வேறொன்று சரியும். பதினாறையும் சேர்த்தே மாற்றினோம்.

இன்னொரு பொறியும் அங்கே இருந்தது. பழைய யு.பி.எஸ்ஸுக்குள் இருந்த மின்னேற்றி 1 ஆம்பியர்தான் தரும். முழுதும் இறங்கிய 26 ஆம்பியர்-மணி பாட்டரியை அது நிரப்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் மறுபடி மின்சாரம் நின்றால்? கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.6 ஆம்பியர் தரும் மின்னேற்றியையும் சேர்த்து வாங்கச் சொன்னேன்.

"அப்படியானால் நான்கு மணி நேரத்துக்கே போட்டுவிடலாமே?" என்றார் பொறுப்பாளர். குளிர்சாதனம் யு.பி.எஸ்ஸில் இணைக்கப்படவில்லை என்பதை அவர் மறந்துவிட்டார். கணிப்பொறிகள் விழுங்கும் 2400 வாட் முழுவதும் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அந்த அறையில் காற்றின் எடை சுமார் 43 கிலோகிராம். காற்று மட்டும் அந்த வெப்பத்தை ஏற்பதானால் 18 விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும்! சுவர்களும் இரும்புச் சட்டங்களும் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதால் அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும் மூடிய அறையில் அரை மணி நேரத்துக்குமேல் கணிப்பொறிகளை ஓட்டுவது அவற்றைச் சூட்டடுப்பில் வைப்பதற்குச் சமம்.

30 நிமிடம் என்ற எண்ணும் இப்படித்தான் வந்தது. ஜெனரேட்டரைக் கையால் கிளப்பிப் பார்க்க 5 நிமிடம். முடியாவிட்டால் ஆய்வகத்துக்கும் வார்டுகளுக்கும் சொல்லி, எழுதுவதை முடிக்கச் செய்ய 8 நிமிடம். கணிப்பொறிகளை ஒன்றன்பின் ஒன்றாக முறைப்படி மூட 12 நிமிடம். எஞ்சிய 5 நிமிடம், பொறுப்பாளர் சாப்பிடப் போயிருந்தால் ஓடிவருவதற்கு.

புதிய பாட்டரிகள் வந்தபோது பதினாறும் சேர்ந்து 130 கிலோகிராமுக்கு மேல் இருந்தன. பழைய மரத்தட்டு தாங்காது என்று இரும்புத் தட்டு அடித்து, படியின் கீழிருந்து காற்றோட்டமும் குளிர்ச்சியும் உள்ள பக்கத்து அறைக்குக் கொண்டுபோனோம். ஓர் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் சூடேற்றிகளை இணைத்து மின்சாரத்தை நிறுத்தினோம். முப்பதாம் நிமிடத்தில் மொத்தம் 185 வோல்ட் இருந்தது. பொறுப்பாளர் அந்த எண்ணையும் தேதியையும் கதவின் உட்புறத்தில் எழுதி, அடுத்த ஆண்டு இதே சோதனைக்கு ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார். ஜெனரேட்டரின் பாட்டரிக்கும் ஒரு கட்டம் வரைந்தார்.