போனஸ் வந்தால்தான் இந்தக் கேள்வியே வருகிறது

மியூச்சுவல் ஃபண்ட் பற்றிப் பேச்சு எழுந்தாலே முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான்: ‘எஸ்ஐபி நல்லதா, மொத்தமாகப் போடுவது நல்லதா?’ கேட்பவர் மாதச் சம்பளக்காரர் என்றால், பதிலில் பாதி அவருடைய பாஸ்புக்கிலேயே இருக்கிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் போக மாதம் பத்தாயிரம் மிஞ்சுகிறவரிடம் மொத்தமாகப் போட மொத்தம் ஏது?

எஸ்ஐபி என்பது தனி ஃபண்ட் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அப்படி எதுவும் இல்லை. மாதத்தில் குறிப்பிட்ட தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து குறிப்பிட்ட தொகையை எடுத்து, அன்றைய விலைக்கு யூனிட் வாங்கிவிடு என்று நாம் கொடுத்து வைக்கும் உத்தரவுதான் அது. ஃபண்ட் ஒன்றே, பணம் உள்ளே போகும் வழிதான் வேறு.

எந்த வழி அதிகம் தந்திருக்கும் என்பதை இரண்டு ஆண்டுகளை வைத்துப் பார்த்துவிடலாம். நிஃப்டி குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்ட் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, நிஃப்டியில் நூறில் ஒரு பங்குதான் யூனிட் விலை. டிவிடெண்டையும் ஃபண்ட் செலவையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒருவர் ஜனவரி கடைசியில் 1,20,000 ரூபாயை மொத்தமாகப் போடுகிறார். இன்னொருவர் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 10,000 போடுகிறார்.

முதலில் 2020. ஜனவரி கடைசியில் நிஃப்டி 11,962. கொரோனா பீதியில் மார்ச் கடைசியில் அது 8,598-க்கு வந்துவிட்டது. பிறகு மெல்ல ஏறி டிசம்பர் கடைசியில் 13,982-ஐத் தொட்டது. மொத்தமாகப் போட்டவருக்கு ஆண்டு முடிவில் சுமார் 1.40 லட்சம். மாதாமாதம் போட்டவருக்குச் சுமார் 1.53 லட்சம். காரணம், விலை விழுந்த மாதங்களில் அதே பத்தாயிரத்துக்கு அதிக யூனிட் கிடைத்தது. ஜனவரியில் 84 யூனிட் வாங்கிய பணம் மார்ச்சில் 116 யூனிட் வாங்கியது. மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று தவணைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், போட்ட 30,000 டிசம்பரில் 45,000 ஆகியிருந்தது. ‘சந்தை சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று அந்த மூன்று மாதம் எஸ்ஐபியை நிறுத்தி வைத்தவர்கள் விட்டது இதைத்தான்.

இப்போது 2023. ஜனவரி கடைசியில் 17,662-இல் இருந்த நிஃப்டி, நடுவில் சிறு தடுமாற்றங்களுடன் ஏறிக்கொண்டே போய் டிசம்பர் கடைசியில் 21,731-இல் நின்றது. இந்த முறை மொத்தமாகப் போட்டவர் கையில் சுமார் 1.48 லட்சம், தவணைக்காரர் கையில் 1.38 லட்சம்தான். ஏறும் சந்தையில் ஒவ்வொரு தவணையும் முந்தையதைவிடக் கூடுதல் விலைக்குத்தானே வாங்கும்?

விழுந்து எழும் சந்தையில் எஸ்ஐபி ஜெயிக்கும், ஏறும் சந்தையில் மொத்த முதலீடு ஜெயிக்கும். சந்தைக்கு ஏறும் ஆண்டுகளே அதிகம் என்பதால் நீண்ட கணக்கில் மொத்த முதலீட்டின் கை சற்று ஓங்கியிருக்கும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியச் சந்தைகளை வைத்து வேன்கார்டு நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை, கையில் இருந்ததை ஒரே தடவையில் போட்டவரே முந்தினார். எஸ்ஐபி என்றால் எப்போதும் கூடுதல் லாபம் என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆனால் சம்பளக்காரருக்கு இந்தப் போட்டியே பொருந்தாது. ஜனவரியிலேயே 1,20,000 வைத்திருப்பவர் வேறு ஆள். சம்பளக்காரரின் முன்னால் இருப்பவை இரண்டே வழிகள்: மிஞ்சுவதை அந்தந்த மாதமே போடுவது, இல்லையென்றால் சேமிப்புக் கணக்கில் சேர்த்து வைத்து ஆண்டுக் கடைசியில் மொத்தமாகப் போடுவது. மேலே பார்த்த இரண்டு ஆண்டுகளிலுமே, சேர்த்து வைத்துக் காத்திருந்தவருக்கு வங்கி வட்டியோடு 1.22 லட்சத்தைத் தாண்டியிருக்காது. 2008-இல் காத்திருந்தவர் தப்பித்திருப்பார். அந்த ஓராண்டில் நிஃப்டி பாதிக்கும் மேல் சரிந்தது. அப்படி ஓர் ஆண்டு வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்து காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். பத்தாயிரம் ரூபாய் கணக்கில் சும்மா இருந்தால் ஆடித் தள்ளுபடிக்கு மிஞ்சுமா என்பதும் யோசிக்க வேண்டியதே.

மொத்தமா, தவணையா என்ற கேள்வி சம்பளக்காரருக்கு உண்மையில் எழுவது தீபாவளி போனஸ் வரும்போது, பழைய எஃப்டி முதிரும்போது, பாகம் பிரித்து ஊர் நிலத்தை விற்ற பணம் வரும்போதுதான். 90,000 ரூபாய் போனஸ் வந்திருக்கிறது, ஏழெட்டு வருடத்துக்கு அதைத் தொடும் தேவை இல்லை என்றால், ஒரே தடவையில் போட்டுவிடலாம். புள்ளிவிவரம் அந்தப் பக்கம்தான். அடுத்த மாதமே அது 75,000 ஆகத் தெரிந்தால் தூக்கம் போய்விடும், பதறி எடுத்துவிடுவேன் என்பவருக்கு எஸ்டிபி இருக்கிறது. பணத்தை முதலில் அதே நிறுவனத்தின் லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து மாதம் 15,000 வீதம் ஆறு மாதத்தில் பங்கு ஃபண்டுக்கு மாற்றும் ஏற்பாடு அது. ஒவ்வொரு மாற்றமும் லிக்விட் ஃபண்டை விற்றதாகவே கணக்கு. அதில் கிடைத்த சிறு லாபம் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். ஆறு மாதத்தை இரண்டு வருடமாக நீட்டுவதில் பயன் இல்லை. அது பயத்தைப் பிரித்து வைப்பதல்ல, முதலீட்டையே தள்ளிப்போடுவது.

எஸ்ஐபியின் சராசரி விலை மந்திரத்துக்கும் ஒரு காலக்கெடு உண்டு. முதல் இரண்டு மூன்று வருடம் ஒவ்வொரு தவணையும் மொத்தத்தில் நல்ல பங்கு. பத்து வருடம் கழித்து 20 லட்சம் சேர்ந்திருக்கும்போது புதிய 10,000 அதில் அரை சதவீதம்தான். அப்போது சந்தை 30 சதவீதம் விழுந்தால் காகிதத்தில் 6 லட்சம் போகும். அந்த மாதம் மலிவாக வாங்கிய யூனிட்டுகள் அதைத் தாங்காது. ‘எஸ்ஐபி போட்டிருக்கிறேன், நஷ்டம் வராது’ என்ற நம்பிக்கை உடைகிற இடம் இதுதான். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கோ வீட்டு முன்பணத்துக்கோ தேவைப்படும் தொகையை, இரண்டு மூன்று வருடம் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றத் தொடங்கிவிட வேண்டும்.

எஸ்ஐபி தேதியைச் சம்பளம் வரும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி வைப்பது நல்லது. கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் ஃபண்ட் நிறுவனம் அபராதம் போடாது, வங்கி போடும்.

பணத்தை எடுக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணையும் தனி முதலீடு. அதற்கு வயதும் தனி. பங்கு ஃபண்டில் ஒரு வருடத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு மேல் வைத்திருந்தால், நிதியாண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு மட்டும் 12.5 சதவீதம். பல ஃபண்டுகள் ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 1 சதவீத வெளியேறும் கட்டணமும் பிடிக்கும். போன ஜனவரியில் தொடங்கியவர் இந்த ஜனவரியில் ‘வருடம் முடிந்துவிட்டது’ என்று முழுவதையும் எடுத்தால், முதல் தவணைக்கு மட்டும்தான் வருடம் முடிந்திருக்கும். மீதிப் பதினொன்றும் வரியிலும் கட்டணத்திலும் மாட்டும். விற்கும் பொத்தானை அழுத்தும் முன் ஸ்டேட்மென்டை எடுத்து ஒவ்வொரு தவணையின் தேதியையும் பார்த்துவிடுங்கள்.