பின்கோடு காட்டும் ஊரும் நாம் குடியிருக்கும் ஊரும்

இணையவழியில் கணக்கு தொடங்கும் படிவத்திலோ முகவரி மாற்றும் படிவத்திலோ ஆறு இலக்கப் பின்கோட்டைப் பதிந்தவுடன், நகரம், மாநிலம் ஆகிய கட்டங்கள் தாமாகவே நிரம்பிவிடுவதை வாடிக்கையாளர்கள் கண்டிருப்பார்கள். தட்டச்சு செய்யும் உழைப்பு குறைகிறது. எழுத்துப் பிழையும் நேர்வதில்லை. பெரும்பாலான முகவரிகளுக்கு இவ்வசதி சரியான விடையையே தருகிறது. தவறான விடை வரும் இடங்களும் உண்டு. அவை பெரும்பாலும் முன்கூட்டியே அறியத்தக்கவை என்பதால், அவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

பின்கோடு 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் இலக்கம் நாட்டின் பெரும் அஞ்சல் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதங்களைப் பிரித்தனுப்பும் வட்டாரத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தை வீட்டில் சேர்க்கும் அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. அதாவது, பின்கோடு என்பது ஓர் அஞ்சலகத்தின் எண். கடிதம் எவ்வழியாகச் சென்றால் விரைவில் சேரும் என்பதைக் கருதி வகுக்கப்பட்ட அந்த எண், மாநில எல்லையையோ மாவட்ட எல்லையையோ அப்படியே பின்பற்ற வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

படிவத்தின் பின்னணியில் இருப்பது ஓர் அட்டவணை மட்டுமே. அஞ்சல் துறையின் முழுப் பட்டியலைக் கொண்டு, ஆறு இலக்கத்தையும் பார்த்து விடை கூறும் அட்டவணை நம்பத்தக்கது. முதல் இரண்டு அல்லது மூன்று இலக்கங்களை மட்டும் பார்த்து மாநிலத்தை ஊகிக்கும் அட்டவணைகளும் புழக்கத்தில் உள்ளன. சிக்கல் பெரிதும் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் அலுவலர் ஒருவர் வட இந்தியாவில் பணியாற்றியபோது கண்ட நிகழ்ச்சி இது. மொகாலியில் தொழில் நடத்தும் ஒரு வணிகர், அருகிலுள்ள சண்டிகரில் ஒரு வங்கிக் கிளையில் நடப்புக் கணக்கு தொடங்கினார். மொகாலி பஞ்சாப் மாநிலத்தைச் சேர்ந்த ஊர். சண்டிகரோ யூனியன் பிரதேசம். ஆயினும் இரண்டும் ஒட்டி அமைந்திருப்பதால் மொகாலியின் பல பகுதிகளுக்குச் சண்டிகரைப் போலவே 160 என்று தொடங்கும் பின்கோடுகளே உள்ளன. வணிகர் 160062 என்று பதிந்தார். மாநிலக் கட்டத்தில் 'சண்டிகர்' என்று நிரம்பியது. அவர் அதைக் கவனிக்காமல் அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிட்டார்.

காசோலைப் புத்தகம் தவறாமல் வந்து சேர்ந்தது. கடிதம் செல்வது பின்கோட்டை நம்பியே என்பதால், மாநிலப் பெயர் தவறாக இருப்பது அஞ்சல்காரரைத் தடுக்கவில்லை. ஆகவே பிழை ஓராண்டுக்கு மேல் வெளியே தெரியவே இல்லை. தெரியவந்தது வரிக் கணக்கில்தான்.

வங்கிச் சேவைக் கட்டணத்திற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. அது எந்த மாநிலத்திற்குரிய வரி என்பதை, வங்கியின் பதிவேட்டில் உள்ள வாடிக்கையாளர் முகவரியே தீர்மானிக்கிறது. வணிகரின் கடன் பரிசீலனைக் கட்டணம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். வரி 1,800 ரூபாய். கிளை சண்டிகரில், முகவரி பஞ்சாபில் என்று சரியாகப் பதிவாகியிருந்தால், அந்த 1,800 முழுவதும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியில் இருந்திருக்கும். பஞ்சாபில் பதிவு பெற்ற அவர் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டிருக்கலாம். முகவரியும் சண்டிகர் என்று இருந்ததால், மத்திய ஜி.எஸ்.டி. 900, யூனியன் பிரதேச ஜி.எஸ்.டி. 900 என்று இரண்டாகப் பிரிந்தது. சண்டிகருக்குரிய அந்த வரியைப் பஞ்சாப் பதிவில் வரவு வைக்க வழியில்லை. ஒரு கட்டணத்தில் 1,800 ரூபாய் என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் நிறுவனத்திற்கு அது சிறியதன்று.

இத்தகைய பிழையைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும்: பஞ்சாபுக்கு 03, சண்டிகருக்கு 04, தமிழ்நாட்டிற்கு 33, புதுச்சேரிக்கு 34. வங்கி அனுப்பும் வரி விலைப்பட்டியலில் உள்ள உங்கள் மாநிலம் இந்த இலக்கங்களோடு பொருந்தவில்லை என்றால், முகவரிப் பதிவை உடனே பார்க்க வேண்டும். திருத்தத்திற்கான வரவுக் குறிப்பை அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் கொள்ள வேண்டியிருப்பதால், தாமதம் கூடாது.

மொகாலிக்கு நேர்ந்தது நமக்கு மிக அருகிலும் நேரக்கூடும். புதுச்சேரி நகரின் பின்கோடு 605001. விழுப்புரத்தின் பின்கோடு 605602. 605 என்பதை மட்டும் பார்க்கும் அட்டவணை, இவ்விரண்டில் ஒன்றைத் தவறாகச் சொல்லியே ஆக வேண்டும். புதுச்சேரியின் மற்றப் பகுதிகள் இன்னும் சிதறியவை. காரைக்கால் 609602; மாகே கேரள வரிசையில் 673310; ஏனாம் ஆந்திர வரிசையில் 533464. நான்கும் ஒரே ஆட்சிப் பகுதி, ஆனால் மூன்று அஞ்சல் வட்டங்களுக்கு உட்பட்டவை. கோவாவின் 403 மகாராஷ்டிர வரிசைக்குள்ளும், சிக்கிமின் 737 மேற்கு வங்க வரிசைக்குள்ளும் வருவதும் இவ்வகையே.

அட்டவணை பழையதாக இருப்பது மற்றொரு காரணம். 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தபோது ஐதராபாத்தின் 500001 மாறவில்லை; மாநிலத்தின் பெயர்தான் மாறியது. லே நகரின் 194101-க்கும் 2019 அக்டோபர் 31 முதல் லடாக் என்றே விடை வர வேண்டும். மாவட்டங்கள் பிரியும்போதும் இதே நிலைதான். மொகாலி தனி மாவட்டமானது 2006-இல். அதற்கு முந்தைய பட்டியல் அதை ரூப்நகர் மாவட்டம் என்றே காட்டும்.

நகரக் கட்டத்தில் வரும் பிழை வேறு விதமானது. அட்டவணையில் பல நேரங்களில் 'நகரம்' என்றொரு பகுதியே இருப்பதில்லை. அஞ்சலகத்தின் பெயரும் மாவட்டமும்தான் இருக்கும். எனவே நொய்டாவின் 201301-ஐப் பதிந்தால் நகரம் 'கௌதம புத்த நகர்' என்று மாவட்டப் பெயரால் நிரம்பக்கூடும். கிராமப்புறங்களில் ஒரே பின்கோட்டின் கீழ்ப் பல கிளை அஞ்சலகங்கள் இருப்பதால், பட்டியலில் முதலில் உள்ள ஊரின் பெயர் வந்து அமர்ந்துவிடும். படிவம் அஞ்சலகங்களின் பட்டியலைக் காட்டினால் உங்களுக்குரியதைத் தேர்ந்தெடுங்கள். காட்டாவிட்டால், ஊர்ப் பெயரை முகவரியின் இரண்டாம் வரியில் எழுதிவிடுவது நல்லது.

சில நேரங்களில் அட்டவணை சரியாக இருக்கும், நாம் பதிந்த எண்தான் பிழையாக இருக்கும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கம், முன்னுள்ள இலக்கங்களில் பிழை உண்டா என்று சோதிக்க உதவுவது. பின்கோட்டில் அப்படியொரு சோதனை இலக்கம் இல்லை. புனேயின் 411001-இல் முதல் இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் 141001 ஆகிவிடும். அது லூதியானாவின் முறையான பின்கோடு. படிவம் மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். மாநிலப் பிழை அஞ்சலைத் தடுக்காது என்றோம். இந்தப் பிழையோ பற்று அட்டையைப் பஞ்சாபுக்கே கொண்டு சேர்த்துவிடும். தொலைவிலுள்ள ஊர் கட்டத்தில் தோன்றினால், ஊரைத் திருத்துவதற்கு முன் எண்ணைச் சரிபாருங்கள்.

எண் சரியாக இருந்தும் மாநிலம் தவறாக வந்தால், எண்ணை மாற்ற வேண்டாம். வேண்டிய மாநிலம் வரும்வரை பக்கத்து ஊரின் பின்கோட்டைப் போட்டுப் பார்க்கும் வாடிக்கையாளர்களும் உண்டு; பதிவேடு அழகாகிவிடும், தபால்தான் வழி தவறும். மாநிலக் கட்டம் திருத்த இடம் தந்தால், முகவரிச் சான்றில் உள்ளபடியே திருத்துங்கள். கட்டம் பூட்டப்பட்டிருந்தால் விண்ணப்பத்தை அவ்விடத்திலேயே நிறுத்திவிட்டு, சான்றின் நகலுடன் கிளையை அணுகுங்கள். அங்கே அலுவலர் ஆவணத்தைப் பார்த்துப் பதிவைத் திருத்த இயலும். அப்போது பின்கோட்டையும் குறிப்பிட்டுச் சொன்னால், அட்டவணையிலுள்ள பிழையையும் திருத்தச் சொல்லி எழுத எங்களுக்கு உதவியாக இருக்கும்.