பதினொன்றரைக்குத் தூங்குகிறவனை ஒன்பது மணிக்குப் படுக்க வைக்காதீர்கள்

"ஒன்பது மணிக்கே லைட்ட அணைச்சிடுறேன்க்கா. பதினொன்றரை வரைக்கும் செவுத்த உதைச்சிக்கிட்டே கெடக்குறான்" என்றாள், பெரம்பூரில் எங்கள் தெருவில் ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கும் பெண். அவள் மகனுக்கு மூன்று வயது. ஆட்டிசம் என்று ஆறு மாதத்துக்கு முன்புதான் தெரிந்தது. நான் சிறப்புக் கல்வி ஆசிரியை என்பதால், மாலை டீக்கு வரும்போது இதைக் கேட்பாள்.

நான் அவளிடம் கேட்டது ஒரு நாற்பது பக்க நோட்டு. எப்போது படுத்தான், எப்போது உண்மையில் தூங்கினான், எப்போது எழுந்தான், பகலில் எவ்வளவு தூங்கினான் என்று பத்து நாள் எழுதச் சொன்னேன். நோட்டில் தெரிந்தது இதுதான்: இரவு பதினொன்றரையிலிருந்து காலை ஏழரை வரை எட்டு மணி நேரம். மாலை நாலிலிருந்து ஆறரை வரை இரண்டரை மணி நேரம். மொத்தம் பத்தரை. மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அப்படியென்றால் இவனுக்குத் தூக்கம் குறையவில்லை. தூக்கம் தப்பான நேரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆறரை மணிக்குத் தூங்கி எழுந்தவனுக்கு ஒன்பது மணிக்கு எப்படித் தூக்கம் வரும்?

இந்தக் குழந்தைகளுக்கு இது கூடுதலாகச் சிக்கலாவதற்குக் காரணம் உண்டு. வீடு அடங்குவதையும் அம்மாவின் குரல் தாழ்வதையும் பார்த்து இரவு வந்துவிட்டது என்று மற்ற குழந்தைகள் புரிந்துகொள்வார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அந்தக் குறிப்புகள் எட்டாமல் போகலாம். பக்கத்து வீட்டு மிக்சியும் டியூப்லைட்டின் சன்னமான இரைச்சலும் மட்டும் நன்றாக எட்டும். கவனம் சிதறும், துறுதுறுவென்று இருக்கும் குழந்தைக்கோ, ஆட்டத்திலிருந்து அடங்குவதற்கே நேரம் பிடிக்கும். தூங்காமல் கிடக்கும் இரண்டரை மணி நேரத்தில் பாய் என்றாலே உதைத்து விளையாடும் இடம் என்று பழகிவிடுகிறது.

அதனால் நேரத்தைத் திருப்பிப் போட்டோம். 1991இல் கேத்லீன் பியாஸா, வேய்ன் ஃபிஷர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் எழுதிய வழியை வீட்டுக்கு ஏற்ப எளிமையாக்கிக்கொண்டோம். முதலில் பதினொன்றே முக்காலுக்குத்தான் பாய் விரிக்க வேண்டும். பையனின் பாட்டிக்கு இது பிடிக்கவே இல்லை. ஆனால் படுத்த கால் மணி நேரத்துக்குள் தூங்கினான். இரண்டு இரவு அப்படித் தூங்கினால் கால் மணி நேரம் முன்னால் நகர்த்த வேண்டும். தூங்காவிட்டால் எழுப்பி, மங்கலான வெளிச்சத்தில் அரை மணி நேரம் சும்மா உட்கார வைத்து மறுபடி படுக்க வைக்கலாம். போன் மட்டும் கூடாது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஏழு மணிக்கு எழுப்ப வேண்டும். பகல் தூக்கம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை. முதல் வாரம் கொஞ்சம் அரைத்தூக்கமாகத் திரிவான். அந்த அசதிதான் தூக்கத்தை முன்னால் இழுத்து வருகிறது. வலிப்பு வரும் குழந்தைக்கு இதை மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது. தூக்கம் குறைந்தால் வலிப்பு வரக்கூடும்.

இன்னொரு சிக்கல், ஷிப்ட் முடிந்து ஒன்பதரைக்கு வரும் அப்பா. அவர் வந்ததும் தூக்கிப்போட்டு விளையாட்டு. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. பீரோ கதவில் நான்கு படங்கள் ஒட்டினோம்: அப்பாவின் டிபன் கேரியர், பல் துலக்கும் பிரஷ், ஜீரோ வாட் பல்பு, பாய். அப்பா வந்ததும் முதல் படத்தைப் பையனே கழற்றி டப்பாவில் போடுவான். விளையாட்டு அதோடு ஒரு கால் மணி நேரம். பாய்ப் படம் டப்பாவில் விழுந்தால் எல்லோரும் படுக்க வேண்டும்.

நடுவில் காய்ச்சல் வந்து ஐந்து நாள் பின்னால் போனது. விட்ட இடத்திலிருந்தே தொடங்கினோம். ஒரு மாதத்தில் பத்து மணிக்கு வந்து நின்றது. பத்திலிருந்து ஏழு வரை ஒன்பது, பகலில் ஒன்றரை, அதே பத்தரை மணி நேரம். ஒன்பது மணிக்கு அவள் இன்னமும் ஆசைப்படுகிறாள். அவன் உடம்பு கேட்கும் தூக்கம் இவ்வளவுதான் என்றேன்.

எல்லாக் குழந்தைக்கும் நேரம் மாற்றுவது மட்டும் போதாது. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டால் மூக்கின் பின்புறச் சதையை மருத்துவர் பார்க்க வேண்டும். கால்களை ஓயாமல் உதறினால் ரத்தத்தில் ஃபெர்ரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பு, பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கலும் தூக்கத்தைக் கெடுக்கும். தூங்கட்டும் என்று இருமல் சிரப் ஊற்றாதீர்கள். சில குழந்தைகளுக்கு அது நேர்மாறாகத் துள்ளலைக் கூட்டும். மெலட்டோனின் மருந்துக்கடைக்காரர் சொல்லித் தரும் மருந்தல்ல, மருத்துவர் அளவு எழுதித் தர வேண்டியது.

இரண்டு வாரமாகியும் நோட்டில் மாற்றமில்லை என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ போங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.