வடக்கே இருந்து வரன் வரும்னு சொன்னாங்களே, வந்துச்சா? கணிப்பு நோட்டு எழுதுவது எப்படி

ஜோசியம், நாடி, கிளி, டாரட் எதுவா இருந்தாலும், காதல் கல்யாணம் பத்தி நமக்குச் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சு, எது நடந்தது எது நடக்கலைன்னு பின்னாடி எப்படிப் பார்க்கிறது? இன்னைக்கு எபிசோடு இதுதான். ஜோசியம் நம்பலாமா கூடாதாங்கிற விவாதத்துக்குள்ள நான் போகல. உங்ககிட்ட சொன்ன கணிப்பை நீங்களே எப்படிச் சரிபார்க்கிறதுங்கிறது மட்டும்தான்.

என் தோழி ஒருத்தி புதுக்கோட்டை டவுன்ல பிறந்து வளர்ந்தவ, இப்போ சென்னையில வேலை. ஐப்பசியில ஊருக்குப் போனப்போ அம்மா ஒரு ஜோசியர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க. அவர் மூணு விஷயம் சொன்னார். ஒண்ணு, வடக்குத் திசையில இருந்து வரன் அமையும். ரெண்டு, பிரிஞ்சு போனவர் தை முடியறதுக்குள்ள திரும்ப வருவார். மூணு, வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டா தடை விலகும். இதுல ரெண்டாவதுதான் அவளைப் பிடிச்சுக்கிச்சு. அதை நம்பி, வீட்டுல பேசிட்டு இருந்த ஒரு வரனைத் தள்ளிப்போடச் சொல்லிட்டா. அதாவது, இந்த நோட்டு பொழுதுபோக்குக்கு எழுதினது இல்ல. ஒருத்தரோட பதில் அதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தது.

முதல் வேலை, சொன்ன வார்த்தையை அப்படியே அன்னைக்கே எழுதறது. அனுமதி கேட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டா இன்னும் நல்லது, அவளும் அப்படித்தான் பண்ணினா. ரெண்டு மாசம் கழிச்சு ஞாபகத்துல இருந்து எழுதினா, "வருவார்னு நினைக்கிறேன்" அப்படின்னு சொன்னது "கண்டிப்பா வருவார்"னு மாறியிருக்கும். நடந்த பிறகு எழுதினா, நடந்ததுக்கு ஏத்த மாதிரியே ஞாபகம் வரும்.

ரெண்டாவது, விதி எழுதறது. எது நடந்தா "நடந்தது", எது நடந்தா "நடக்கல", எந்தத் தேதி வரைக்கும். முடிவு தெரியறதுக்கு முன்னாடியே இதை எழுதணும். வடக்குங்கிற ஒரு வார்த்தையையே எடுத்துக்கோங்க. எங்க இருந்து வடக்கு? புதுக்கோட்டையில நின்னு பார்த்தா திருச்சி வடக்கு. அதே திருச்சி, அவ வேலை பார்க்கிற சென்னையில இருந்து பார்த்தா தென்மேற்கு. பையனோட சொந்த ஊரா, அவன் வேலை பார்க்கிற ஊரா? சொந்த ஊர் மதுரை, வேலை பெங்களூருன்னா என்ன பண்றது? விதி இல்லைன்னா, வர்ற பையனுக்கு ஏத்த மாதிரி திசையை நாமளே திருப்பிக்குவோம். "அமையும்"ங்கிற சொல்லும் அப்படித்தான். ஜாதகம் வந்தாலும் அமைஞ்சதுதான், பொண்ணு பார்த்தாலும் அமைஞ்சதுதான். அவ எழுதின விதி: புதுக்கோட்டையில இருந்து பையனோட சொந்த ஊர் வடக்கு, கூகுள் மேப்ல பார்க்கணும், நிச்சயம் ஆகியிருக்கணும், ஒரு வருஷத்துக்குள்ள.

"திரும்ப வருவார்" என்பதற்கு: அவரா பேச வந்து, மறுபடி சேரலாம்னு வாயால சொல்லணும். கடைசித் தேதி பிப்ரவரி 12, அன்னைக்குத்தான் அந்த வருஷம் தை முடியுது.

மூணாவது கணிப்புக்கு விதியே எழுத முடியல. தடை விலகலைன்னா, விளக்கு சரியாப் போடலைன்னு சொல்லிடலாம். பரிகாரத்தோட வர்ற கணிப்பு பெரும்பாலும் இப்படித்தான். அதை நடந்ததுலயும் சேர்க்காதீங்க, நடக்காததுலயும் சேர்க்காதீங்க. "மதிப்பிட முடியாது"ன்னு தனியா ஒரு பக்கம் வச்சுக்கோங்க. அந்தப் பக்கம் எவ்வளவு சீக்கிரம் நிரம்புதுங்கிறதே ஒரு தகவல்.

பிப்ரவரி முதல் வாரத்துல அவளுக்குப் பிறந்தநாள். பிரிஞ்சு போனவர்கிட்ட இருந்து வாட்ஸப்ல ஒரு வாழ்த்து வந்தது. ரெண்டு வரி, ஒரு கேக் படம். அம்மா "பார்த்தியா, வந்துட்டான்"னு சொன்னாங்க. நோட்டுல எழுதியிருந்த விதிப்படி அது வந்தது ஆகாது. பிப்ரவரி 12 ராத்திரி "நடக்கல"ன்னு எழுதினா. அப்புறம் அம்மா ஜோசியருக்கு போன் போட்டப்போ, பங்குனிக்குள்ள வருவார்னு பதில் வந்தது. இங்க கவனிங்க. அந்தப் பதிலை பழைய பதிவுல சேர்க்கக் கூடாது. அது புதுக் கணிப்பு, புது வரிசை எண், புதுக் கடைசித் தேதி. பழையது மூடினது மூடினதுதான். பங்குனியும் தாண்டி, அடுத்த குருப்பெயர்ச்சின்னு மூணாவது தேதி வந்தப்போ, ஒரே கணிப்பு மூணு வரியா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நின்னுச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் தள்ளிப்போட்ட வரனைப் பார்க்கிறேன்னு வீட்டுல சொன்னா.

பையன் திருச்சி. பேசினாங்க, ரெண்டு பேருக்கும் பிடிச்சுது, ஐப்பசிக்கு முன்னாடியே நிச்சயம் ஆச்சு. விதிப்படி வடக்குக் கணிப்பு "நடந்தது". அதை நேர்மையா அப்படியே எழுதணும், எழுதினா.

ஆனா நோட்டுல இன்னொரு கட்டமும் வேணும்: கணிப்புக்கு முன்னாடி நாம என்ன சொன்னோம்? ரெக்கார்டிங்கைத் திரும்பக் கேட்டப்போ, ஆரம்பத்துலயே அம்மா "திருச்சியில ஒரு பையன் பேசிட்டு இருக்கோம்"னு சொல்லியிருக்காங்க. வடக்கு வந்தது அதுக்கு அப்புறம்தான். இதுல ஜோசியர் ஏமாத்தினார்னு சொல்ல வரல. நாம கொடுத்த தகவல் நமக்கே திரும்பி வந்தா, அதைக் கணிப்பு ஜெயிச்சதா எண்ண முடியாது, அவ்வளவுதான்.

இன்னொரு சோதனையும் ரொம்ப எளிது. எட்டுத் திசையையும் எட்டுச் சீட்டுல எழுதிக் குலுக்கி, ஒண்ணை எடுத்து, ஜோசியர் சொன்னதுக்குப் பக்கத்துல எழுதி வைங்க. கிளி சீட்டு எடுக்கிற மாதிரி, ஆனா நம்ம கையால. அதே விதி, அதே தேதி. நாலஞ்சு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து செஞ்சா, கொஞ்ச நாள்ல ரெண்டு வரிசையையும் ஒப்பிடலாம். ஜோசியர் வரிசை சீட்டு வரிசையைத் தெளிவா தாண்டணும். ஒண்ணு ரெண்டு வச்சு எதுவும் சொல்ல முடியாது.

இந்த ஒப்பீட்டைப் பெரிய அளவுல செஞ்சு பார்த்திருக்காங்க. வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் நண்பர்களும் மகாராஷ்டிராவுல ஒரு சோதனை வச்சாங்க. படிப்புல சுட்டியான பிள்ளைங்க, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைங்கன்னு ரெண்டு வகை ஜாதகம். ஒவ்வொரு ஜோசியருக்கும் 40 கொடுத்து, எது எந்த வகைன்னு பிரிக்கச் சொன்னாங்க. விடை முன்னாடியே பூட்டி வச்சாச்சு, விதியும் முன்னாடியே எழுதியாச்சு. 27 ஜோசியர்கள் பதில் அனுப்பினாங்க. சராசரியா 46 சதவீதம் சரி. காசைச் சுண்டினாலே 50 வரும். 2009-ல 'கரண்ட் சயின்ஸ்' இதழ்ல இது வெளிவந்தது. அது காதலைப் பத்தின சோதனை இல்ல, ஆனா முறை நம்ம நோட்டோட முறையேதான்.

தோழியோட நோட்டுல வருஷக் கடைசிக் கணக்கு இது. தைக் கணிப்பு நடக்கல, நீட்டிச்ச ரெண்டுல பங்குனியும் நடக்கல, குருப்பெயர்ச்சிக்குத் தேதி இன்னும் இருக்கு. வடக்கு நடந்தது, பக்கத்துல "அம்மா முன்னாடியே சொன்னது"ன்னு குறிப்பு. விளக்கு, மதிப்பிட முடியாது. குருப்பெயர்ச்சித் தேதி வந்ததும் அதையும் எழுதி மூடிடுவேன்னு சொல்லியிருக்கா. நிச்சயம் ஆயிடுச்சேன்னு பாதியில விடக் கூடாது. விட்டுட்டா, அதுவும் நமக்குச் சாதகமா எண்ணினதுதான்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.