வடை விலை மைனஸில் வந்தா என்ன அர்த்தம்?

ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ்ல இன்வெர்ஸ் மேட்ரிக்ஸ் கணக்குல பாதிப் பேர் மறக்குற ஸ்டெப் ஒண்ணு இருக்கு: டிரான்ஸ்போஸ். "எதுக்கு அது?"ன்னு புரிஞ்சுட்டா மறக்கவே மறக்காது. ஒரு கேன்டீன் கணக்கை வச்சே பார்க்கலாம்.

ஒருத்தன் 2 டீ, 1 வடை, 1 சமோசா சாப்பிட்டு 49 ரூபாய் கொடுத்தான். இன்னொருத்தன் 1 டீ, 2 வடைக்கு 32 ரூபாய். மூணாவது ஆள் 1 வடை, 2 சமோசாவுக்கு 40 ரூபாய். டீ x, வடை y, சமோசா z என்றால், AX = B இப்படி வரும்:

```
    2 1 1        49
A = 1 2 0    B = 32
    0 1 2        40
```

முதல்ல டிடர்மினன்ட். 2(4) − 1(2) + 1(1) = 7. பூஜ்யம் இல்லை, அதனால இன்வெர்ஸ் உண்டு. மூணாவது பில் முதல் ரெண்டையும் கூட்டினதா இருந்திருந்தா புதுத் தகவலே கிடைச்சிருக்காது. டிடர்மினன்ட்டும் 0 ஆகியிருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு உறுப்புக்கும் அதோட ரோ, காலத்தை மறைச்சு, சைன் மாத்தி கோஃபேக்டர் எழுதணும்:

```
 4 -2  1
-1  4 -2
-2  1  3
```

இப்போ கவனிங்க. A-வின் முதல் ரோவை அதோட சொந்த கோஃபேக்டர்களால பெருக்கிக் கூட்டினா 2(4) + 1(−2) + 1(1) = 7, அதாவது டிடர்மினன்ட். அதே ரோவை இரண்டாவது ரோவோட கோஃபேக்டர்களால பெருக்கினா 2(−1) + 1(4) + 1(−2) = 0. இது தற்செயல் இல்லை. இரண்டாவது ரோ இருக்கிற இடத்துல முதல் ரோவையே வச்சு டிடர்மினன்ட் போடுறதும் இதுவும் ஒண்ணுதான். ரெண்டு ரோ ஒரே மாதிரி இருந்தா டிடர்மினன்ட் 0.

ஆனா மேட்ரிக்ஸ் பெருக்கல்ல ரோ எப்பவும் காலத்தோடதான் பெருகும். அதனால ஒவ்வொரு ரோவோட கோஃபேக்டர்களும் காலமா நிற்கணும். டிரான்ஸ்போஸ் பண்றது இதுக்குத்தான். அப்படிக் கிடைக்கிறதுதான் அட்ஜாயின்ட்:

```
 4 -1 -2
-2  4  1
 1 -2  3
```

இதை B-யோட பெருக்கினா 84, 70, 105. 7-ஆல வகுத்தா டீ 12, வடை 10, சமோசா 15 ரூபாய்.

டிரான்ஸ்போஸ் பண்ணாம பெருக்கிப் பாருங்க: 172, −1, 54. வடை விலை −1/7 ரூபாய்! கேன்டீன் அண்ணன் வடையும் கொடுத்து, நமக்கே காசும் கொடுக்கணும்.

எக்ஸாம்ல கேன்டீன் கதை இருக்காது, விடை மைனஸில் வந்தாலும் சரியா இருக்கலாம். அதனால B-யைத் தொடுறதுக்கு முன்னாடி A-வின் முதல் ரோவை அட்ஜாயின்ட்டின் மூணு காலத்தோடயும் பெருக்குங்க. இங்க 7, 0, 0 வரணும். டிரான்ஸ்போஸ் மறந்திருந்தா 5, 1, 3 வரும். முதல் ரோவோட விடை சரியா வந்தா மத்த ரெண்டு ரோவையும் அதே மாதிரி பார்த்துடுங்க. ஏதாவது ஒரு கோஃபேக்டர்ல சைன் மாறியிருந்தாலும் அங்கேயே தெரிஞ்சுடும்.