பின்னந்தலையில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கும் 28 வயது இளைஞர் அவர். ஆவணியில் நிச்சயதார்த்தம், தை மாதம் கல்யாணம். நெற்றி மேலேறி, உச்சியிலும் சொட்டை விழத் தொடங்கிவிட்டது. நிச்சயதார்த்தப் புகைப்படங்களைப் பார்த்த அன்று இரவே, முடி நடும் கிளினிக்குகள் மூன்றுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினார். பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு அந்தக் கடிதத்தையும் வந்த பதில்களையும் நம்மிடம் காட்டினார்.

அவர் கேட்டவை மூன்றே கேள்விகள்தான். மொத்தம் எவ்வளவு செலவாகும்? எத்தனை சிட்டிங் வர வேண்டும்? கல்யாணத்துக்குள் தலை எப்படி இருக்கும்? நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த நான்கு படங்களை இணைத்திருந்தார்.

இரண்டு கிளினிக்குகள் எழுத்தில் பதில் தரவில்லை. மறுநாள் காலையிலேயே ஃபோன் வந்தது. "சார், உங்களுக்கு 4,500 கிராஃப்ட் ஒரே நாள்ல முடிச்சிடலாம். பேக்கேஜ் 90,000. ஆஃபர் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான். அட்வான்ஸ் 10,000 போட்டுடுங்க" என்றது ஒரு குரல். இன்னொரு இடத்தில் எட்டு சிட்டிங் பி.ஆர்.பி. இலவசம் என்றார்கள். மூன்றாவது கிளினிக்கிலிருந்து நான்கு நாள் கழித்து மருத்துவரே எழுதினார். செலவையும் சிட்டிங்கையும் சொல்வதற்கு முன் அவர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்: "உங்கள் அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் தலை எப்படி? உங்கள் பின்னந்தலையின் படத்தை ஏன் அனுப்பவில்லை?"

சொட்டை விழுந்தவர் கவலைப்படுவது முன்பக்கத்தைப் பற்றி. கிளினிக் விளம்பரம் காட்டுவதும் முன்பக்கத்தைத்தான். ஆனால் முடி நடுவதில் செலவாகும் உண்மையான முதல் பின்னந்தலையில் இருக்கிறது.

அங்கிருந்து முடியை வேரோடு எடுத்து முன்னே நடுகிறார்கள். பின்னந்தலை முடிக்கு ஆண் ஹார்மோனின் தாக்குதலைத் தாங்கும் தன்மை உண்டு. இடம் மாற்றி நட்டாலும் அந்தத் தன்மையை அது பெரும்பாலும் விடுவதில்லை. 1959-ல் இது மருத்துவ உலகில் பதிவாகி, அதன் மேல்தான் இந்தத் தொழிலே எழுந்தது. ஆனால் ஒரு வேரை எடுத்த இடத்தில் இன்னொரு வேர் வளராது. புதிய முடி உண்டாவதில்லை, இருப்பது இடம் மாறுகிறது, அவ்வளவே.

அந்த இளைஞரின் தலைக்கு மூன்றாவது மருத்துவர் நேரில் போட்டுக் காட்டிய கணக்கைப் பார்ப்போம். முடி ஒவ்வொன்றாக முளைப்பதில்லை, ஒன்று முதல் நான்கு வரை கொத்தாக முளைக்கிறது. அந்தக் கொத்துதான் கிராஃப்ட். அவருடைய பின்னந்தலையில் பாதுகாப்பாக எடுக்கக்கூடிய பட்டை ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 70 கொத்து என்றால் மொத்தம் 10,500. பாதிக்கு மேல் எடுத்தால் பின்னந்தலை மெலிந்தது வெளியே தெரியும். எனவே வாழ்நாள் முழுமைக்கும் அவருக்குக் கிடைக்கக்கூடியது சுமார் 5,000 கொத்து.

இப்போது தேவைக்கு வருவோம். நெற்றியிலிருந்து நடுத்தலை வரை 70 சதுர சென்டிமீட்டர், உச்சிச் சொட்டை 60. சதுர சென்டிமீட்டருக்கு 35 கொத்து நட்டால் 4,550. ஃபோனில் சொன்ன 4,500 இப்படித்தான் வந்திருக்க வேண்டும். கணக்குப் பார்வைக்குச் சரிதான். ஆனால் 28 வயதில் ஒரே நாளில் வாழ்நாள் கையிருப்பில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடுகிறது. அவருடைய அப்பாவுக்கோ காதோரமும் பிடரியும் தவிர முழு வழுக்கை. மகனுக்கும் அந்த வழியே போனால், நட்ட முடிக்கும் காதோர முடிக்கும் நடுவே வெற்றிடம் அகன்றுகொண்டே வரும். உச்சியில் நட்டது தீவு போலத் தனித்து நிற்கும். 40 வயதில் அதை மூட வேண்டுமானால் எடுக்கப் போதுமான அளவு மிச்சம் இருக்காது.

எல்லாரும் விலையைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இது. பணம் போனால் சம்பாதித்துவிடலாம். பின்னந்தலை காலியானால் அதை முழுமையாகத் திருத்த எந்த மருத்துவராலும் முடியாது. அளவுக்கு மீறி எடுத்த தலையை அடையாளம் காண்பது சுலபம். முடியை ஒட்ட வெட்டினால் பூச்சி அரித்த கம்பளி போல் திட்டுத் திட்டாகத் தெரியும், ஊடே வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கிளினிக் காட்டும் "முன்பு, பின்பு" படங்களில் பின்னந்தலையின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. அதையே கேட்டு வாங்குங்கள்.

செலவுக் கேள்விக்கும் இதே கணக்குதான் வழிகாட்டி. 90,000 பேக்கேஜைப் பிரித்தால் ஒரு கிராஃப்டுக்கு 20 ரூபாய். முடி நடுதல் அழகு சிகிச்சையாகக் கருதப்படுவதால் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதைச் சேர்த்தால் 1,06,200. ஃபோனில் இதை அவராகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். மூன்றாவது மருத்துவர் முன்பக்கத்துக்கு மட்டும் 2,000 கிராஃப்ட், ஒன்றுக்கு 50 ரூபாய், வரியோடு 1,18,000 என்று எழுதியிருந்தார். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் முதல் இடம் மலிவு. ஆனால் அங்கே அவர் கொடுப்பது பணத்தோடு 2,500 கூடுதல் கொத்துகளையும். சில இடங்களில் கிராஃப்டுக்குப் பதிலாக முடிக் கணக்கில் விலை சொல்வார்கள். 4,000 முடி என்றால் ஏறத்தாழ 2,000 கிராஃப்ட்தான். எந்தக் கணக்கு என்று எழுத்தில் வாங்காவிட்டால் இரண்டு விலைகளை ஒப்பிடவே முடியாது.

விலை ஏன் அவ்வளவு குறைகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். மணிக்கு 500 வேர் வீதம் எடுத்தாலும் 4,500 எடுக்க ஒன்பது மணி நேரம் ஆகும். அதன் பிறகு நட வேண்டும். ஒரு மருத்துவர் ஒரே நாளில் தன் கையால் இதை முழுவதும் செய்துவிட முடியாது. அப்படியானால் செய்வது யார்? தலையை மரக்கடிக்க ஊசி போடுவது யார்? அந்த மருந்துக்கு உடல் எடையை வைத்து ஓர் உச்ச வரம்பு உண்டு. நேரம் நீள நீள ஊசியும் கூடும், வரம்பு நெருங்கும். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்த செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காணொளி பார்த்தும் பயிலரங்கில் வேடிக்கை பார்த்தும் கற்றது இந்த சிகிச்சைக்குத் தகுதியாகாது என்று 2022-ல் மருத்துவர்களுக்கான தேசிய வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. எனவே "வேரை எடுப்பது மருத்துவரா, டெக்னீஷியனா?" என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டிய கேள்வி.

சிட்டிங் விஷயத்தில் பலருக்கும் குழப்பம் உண்டு. முடி நடுவது ஒரு நாள் வேலை, அளவு அதிகமென்றால் இரண்டு நாள். பல சிட்டிங் என்பது பி.ஆர்.பி.க்குத்தான். நம் ரத்தத்தையே எடுத்து, சுழலவிட்டுப் பிரித்து, தட்டணுக்கள் மிகுந்த பகுதியைத் தலையில் ஊசியால் செலுத்துவது அது. பொதுவாக மாதம் ஒன்று வீதம் மூன்று அல்லது நான்கு, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று என்று செய்கிறார்கள். மெலிந்த முடி சிலருக்குத் தடிக்கிறது, சிலருக்கு எதுவும் நடப்பதில்லை. பளபளவென்று வழுக்கையான இடத்தில் அதனால் முடி முளைக்காது. இலவசமாகக் கொடுத்தாலும் அது நடுவதற்கு மாற்றாகாது.

மூன்றாவது கேள்விதான் அந்த இளைஞருக்கு முக்கியம். கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. நட்ட முடியில் பெரும்பகுதி இரண்டு முதல் ஆறு வாரங்களில் உதிர்ந்துவிடும், வேர் மட்டும் உள்ளே நிற்கும். மூன்று, நான்கு மாதத்தில்தான் மெல்லிய முடி எட்டிப் பார்க்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும், உச்சியில் 18 மாதம்கூட ஆகலாம். அதாவது முகூர்த்தத்தன்று அவர் தலையில் அரைகுறை முளைப்புதான் இருந்திருக்கும். ஃபோனில் பேசியவர்கள் இதைச் சொல்லவில்லை. மூன்றாவது மருத்துவர் முதல் வரியிலேயே எழுதியிருந்தார்: "தை மாதத்தை மனதில் வைத்து இதைச் செய்யாதீர்கள்."

அவர் சொன்ன வழி பொறுமையானது. முதலில் ஒரு வருடம் மினாக்சிடில் லோஷனும் ஃபினாஸ்டரைடு மாத்திரையும் எடுத்து, உதிர்வது நிற்கிறதா என்று பார்ப்பது. மாத்திரையால் சிலருக்குத் தாம்பத்தியத்தில் சிக்கல் வரலாம் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். நின்றால் முன்பக்கத்துக்கு மட்டும் 2,000, உச்சியைத் தொட வேண்டாம், மீதி 3,000 பின்னந்தலையிலேயே இருக்கட்டும் என்றார். நட்ட பிறகும் மருந்து தொடர வேண்டும், ஏனென்றால் நடாத இடத்துப் பழைய முடி உதிர்ந்துகொண்டேதான் இருக்கும்.

நேரில் தலையைப் பார்க்காமல் மின்னஞ்சலில் எண்ணிக்கை சொல்ல முடியாது என்கிறார்கள் கிளினிக் தரப்பினர். அதில் நியாயம் உண்டு. ஆனால் தலையைப் பார்க்காமல் ஃபோனில் 4,500 சொல்லி முன்பணம் கேட்க முடிகிறவர்களால், பார்த்த பிறகு அதை எழுத்தில் தரவும் முடிய வேண்டும்.

அந்த இளைஞரின் கடிதத்தை இப்போது எழுதினால் இப்படி எழுதலாம்:

"ஐயா, எனக்கு வயது 28. முன், பக்கம், உச்சி, பின்னந்தலைப் படங்களையும் அப்பாவின் படத்தையும் இணைத்துள்ளேன். நேரில் பரிசோதித்த பிறகு இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். எனக்கு எத்தனை கிராஃப்ட் தேவை, ஒன்றுக்கு விலை என்ன, ஜி.எஸ்.டி.யும் மருந்தும் ரத்தப் பரிசோதனையும் அதில் அடங்குமா? வாழ்நாள் முழுமைக்கும் என் பின்னந்தலையிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், நீங்கள் எடுத்த பின் எவ்வளவு மிஞ்சும்? வேரை எடுப்பவரும் மரப்பு ஊசி போடுபவரும் யார்? என் அளவு சொட்டை உள்ளவர்களுக்கு ஒரு வருடம் கழித்து எடுத்த படங்களை, பின்னந்தலை உட்பட, காட்ட முடியுமா? சிகிச்சையை ரத்து செய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா?"

அந்த இளைஞர் முன்பணம் கட்டவில்லை. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு தையில் தாலி கட்டினார். இப்போது மருந்து ஏழாவது மாதம் ஓடுகிறது, உதிர்வது குறைந்திருக்கிறது என்கிறார். நடுவதா வேண்டாமா என்பதை ஒரு வருடம் முடிந்த பின் முடிவு செய்யப் போகிறார். அந்த முடிவை எடுக்க அவருடைய 5,000 கொத்தும் இன்னும் பின்னந்தலையில் அப்படியே இருக்கிறது.