ஏழுதான் இருக்கு, மேம்

போன மாதம் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கம்பியில் கோத்த கை எலும்புகளை என் மேஜைக்குக் கொண்டுவந்தாள். "மேம், இந்த செட்டுல ஒரு எலும்பு குறையுது. மணிக்கட்டுல எட்டு இருக்கணும், ஏழுதான் இருக்கு" என்றாள். வாங்கித் திருப்பி வைத்தேன். சுண்டுவிரல் பக்கம், பட்டாணி அளவில் பிசிஃபார்ம் உட்கார்ந்திருந்தது. அது ட்ரைக்வீட்ரம் என்ற எலும்பின் மேல், உள்ளங்கையைப் பார்த்தபடி இருப்பது. புறங்கைப் பக்கமிருந்து பார்த்தால் கண்ணில் படாது. அவள் புறங்கைப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு எண்ணியிருக்கிறாள்.

படிக்காத பெண் இல்லை. ஃபோனைத் திறந்து காட்டினாள். மணிக்கட்டு எலும்புகளுக்கு எட்டு கார்டு போட்டிருந்தாள். மூன்று வாரமாக ஒன்றுகூடத் தப்பவில்லை. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் வருகிறது, எலும்பைக் கையில் கொடுத்தால் வரவில்லை. ஏன் என்று பார்க்க அவளுடைய கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்த அரை மணி நேரத்தில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கார்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் படித்த காலத்தில் புத்தகப் படத்தில் பெயரை விரலால் மூடிக்கொண்டு சொல்லிப் பார்ப்போம். இப்போது பிள்ளைகள் அதையே கணினியில் செய்கிறார்கள். வகுப்பு ஸ்லைடில் உள்ள படத்தை எடுத்து, ஒவ்வொரு பெயரின் மேலும் ஒரு சிறு கட்டம் வைத்து மூடுகிறார்கள். எட்டுக் கட்டம் வைத்தால் எட்டுக் கேள்வி. 'ஆங்கி' என்ற இலவச மென்பொருளில் 2023-இல் வந்த 23.10 பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அதற்கு முன் தனியாக ஒரு துணைநிரலைச் சேர்க்க வேண்டும். சரியாகச் சொன்ன கார்டு பல நாள் கழித்து வரும், தப்பிய கார்டு சீக்கிரமே வரும். அந்தக் கணக்கை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எதை மூடுவது, எதைத் திறந்து விடுவது என்பது மட்டும் நம் பொறுப்பு. கோளாறு பிறக்கும் இடமும் அதுதான்.

அவளுடைய கார்டில் என் கண்ணில் முதலில் பட்டது கட்டங்களின் நீளம். பெயரை இம்மி பிசகாமல் அளந்து மூடியிருந்தாள். ஆங்கிலத்தில் லூனேட் ஆறு எழுத்து, ட்ரைக்வீட்ரம் பத்து எழுத்து. கீழ் வரிசையில் குட்டையான கட்டம் வந்தால் லூனேட், நீளமாக வந்தால் ட்ரைக்வீட்ரம். எலும்பைப் பார்க்கவே வேண்டியதில்லை. வேண்டுமென்று செய்ததில்லை, கண் சுலபமான வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. எட்டுக் கட்டத்தையும் மிக நீளமான பெயரின் அளவுக்கு ஒரே மாதிரி ஆக்கினோம். ஒன்றை வரைந்து அதையே நகலெடுத்து வைத்தால் ஒரு நிமிட வேலை.

அடுத்தது, மூடும் முறை. ஆங்கியில் இரண்டு முறை உண்டு. `Hide One, Guess One` என்றால் கேட்கிற பெயர் மட்டும் மூடியிருக்கும், மற்றவை தெரியும். `Hide All, Guess One` என்றால் எல்லாமே மூடியிருக்கும், கேட்கிற கட்டம் மட்டும் வேறு நிறத்தில் வரும். அவள் முதலாவதை வைத்திருந்தாள். எட்டில் ஏழு பெயர் கண்ணெதிரே இருந்தால் எட்டாவது எது என்று கழித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். அது உடற்கூறியல் இல்லை, கழித்தல் கணக்கு. மணிக்கட்டு மாதிரி எண்ணிக்கை தெரிந்த ஒரு கூட்டத்தில் எல்லாவற்றையும் மூடும் முறைதான் சரி. பதிலைப் பார்த்த பிறகு அக்கம்பக்கம் யார் யார் என்று பார்க்க வேண்டுமானால் `Toggle Masks` பொத்தானை அழுத்தலாம், மற்ற மறைப்புகளும் விலகும்.

ஒன்றை மட்டும் மூடும் முறைக்கும் இடமுண்டு. பெயர்கள் நெருங்கிக் கிடக்கும் பெரிய படத்தில் எல்லாவற்றையும் மூடினால் வெறும் கட்டங்கள்தான் தெரியும், எந்தப் பகுதியைப் பார்க்கிறோம் என்றே புரியாது. அப்படிப்பட்ட படத்தை இரண்டு மூன்றாக வெட்டிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இந்த எட்டுப் பெயரையும் வரிசையாக நினைவில் வைக்க மாணவர்கள் ஓர் ஆங்கில வாக்கியம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஓர் எலும்பு. கட்டைவிரல் பக்கமிருந்து சுண்டுவிரல் பக்கமாக, முன்கையை ஒட்டிய வரிசையில் ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைக்வீட்ரம், பிசிஃபார்ம்; விரல்களை ஒட்டிய வரிசையில் மறுபடி கட்டைவிரல் பக்கமிருந்து ட்ரபீசியம், ட்ரபீசாய்டு, கேபிடேட், ஹேமேட். வாக்கியம் தப்பில்லை. ஆனால் எட்டு கார்டும் ஒரே நாளில் அடுத்தடுத்து வந்தால் வாய்பாடு சொல்வது போலப் பாட்டாகப் போய்விடும். நடுவில் ஹேமேட்டை மட்டும் கேட்டால், முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அதற்காகத்தான் ஒரே படத்திலிருந்து பிறந்த கார்டுகளை வேறு வேறு நாளுக்குத் தள்ளும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. `Bury new siblings`, `Bury review siblings` இரண்டையும் போட்டுவிட்டால் ஒரு நாளைக்கு ஒன்றுதான் வரும்.

இதெல்லாம் சரிசெய்த பிறகும் ஏழா எட்டா என்ற பிரச்சினை அப்படியே இருந்தது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு படம்: வலது கை, உள்ளங்கைப் பக்கம், விரல்கள் மேலே. அந்தப் படத்தில் ஸ்கேஃபாய்டு எப்போதும் வலதுபுறம். அவள் மனதில் பதிந்தது "கட்டைவிரல் பக்கம்" இல்லை, "திரையின் வலது ஓரம்". சோதிக்க ஒரு வழி உண்டு. அதே படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். புரட்டிய படம் இடது கையாகிவிடும். பெயர் சொல்ல ஒரு கணமாவது தடுமாறினால், கற்றது கையை அல்ல, ஸ்லைடை. அவள் தடுமாறினாள்.

இதற்கு மருந்து இன்னொரு படம். புறங்கைப் பக்கம் ஒரு படம் எடுத்து அதற்கும் கட்டம் வைத்தோம். அதில் கட்டம் ஏழுதான். கார்டின் தலைப்பில், அதாவது `Header` என்ற இடத்தில், "வலது கை, புறங்கை, எது தெரியவில்லை, ஏன்?" என்று எழுதச் சொன்னேன். மூன்றாவதாக ஒரு எக்ஸ்ரே. நேர் எக்ஸ்ரேயில் பிசிஃபார்ம் ட்ரைக்வீட்ரத்தின் மேலேயே நிழலாக விழும், இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும். மூன்று படம் போதும், பத்து வேண்டாம்.

படத்தை எடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பவர்பாயிண்ட் ஸ்லைடில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து சேமித்தால் சில சமயம் பெயர்கள் வராது. பெயர்களை ஆசிரியர் தனி எழுத்துப் பெட்டிகளாக ஒட்டியிருப்பார், சேமிப்பது அடியில் உள்ள படத்தை மட்டும்தான். அப்போது ஸ்லைடைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, விண்டோஸில் `Win+Shift+S` அழுத்தி, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். ஸ்லைடின் தலைப்பை வெட்டிவிட வேண்டும், அதுவே பாதி விடையைச் சொல்லிவிடும். வெட்டும் வேலையைக் கட்டம் வைப்பதற்கு முன்பே முடித்துவிடுவது முக்கியம். ஏனென்றால் மென்பொருள் கட்டங்களைப் படத்தின் மேல் பூசுவதில்லை, இப்படி எழுதி வைத்துக்கொள்கிறது:

```
{{c1::image-occlusion:rect:left=.62:top=.48:width=.15:height=.05}}
```

எண்கள் எல்லாம் படத்தின் அகல உயரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. பிற்பாடு வேறு மாதிரி வெட்டிய படத்தை மாற்றி வைத்தால் கட்டம் எலும்பை விட்டு நகர்ந்து நிற்கும்.

ஆசிரியரின் ஸ்லைடு தெளிவில்லாமல் இருந்தால் பிள்ளைகள் இணையத்தில் இலவசப் படம் தேடுகிறார்கள். பெரும்பாலும் கையில் சிக்குவது 'கிரேஸ் அனாடமி'யின் 1918 பதிப்புப் படங்கள், பதிப்புரிமை முடிந்தவை. அழகான படங்கள்தான். 1858-இல் வந்த முதல் பதிப்புக்கு ஹென்றி வான்டைக் கார்ட்டர் வரைந்தபோதே பெயர்கள் பல இடங்களில் உறுப்பின் மேலேயே எழுதப்பட்டிருந்தன. படிப்பதற்கு அது பெரிய வசதி. நம் வேலைக்கு அதுவே இடைஞ்சல்: பெயரை மூடினால் எலும்பும் சேர்ந்து மறைந்துவிடும். பெயர்களும் பழையவை. அந்த 1918 பதிப்பில் ஸ்கேஃபாய்டுக்கு நேவிக்குலர் என்று பெயர், ட்ரபீசியத்துக்கு கிரேட்டர் மல்டேங்குலர் என்று பெயர். இன்று நேவிக்குலர் என்றால் பாதத்தில் உள்ள எலும்பு. அதை அப்படியே கார்டாக்கியவர் வைவாவில் மாட்டிக்கொள்வார்.

சடலத்தைப் படமெடுத்துக் கார்டாக்குவது மட்டும் கூடவே கூடாது. உடல் தானம் செய்தவரின் குடும்பம் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. கார்டோ பகிர்ந்து பகிர்ந்து எங்கெங்கோ போகும். எக்ஸ்ரேயிலும் நோயாளியின் பெயரும் எண்ணும் ஓரத்தில் இருக்கும். அதைக் கட்டம் வைத்து மறைத்தால் போதாது, அடியில் அப்படியே இருக்கும். வெட்டி எறிய வேண்டும்.

கடைசியாக, விடைப்பக்கத்தில் `Back Extra` என்ற இடம். அவள் அதைக் காலியாக விட்டிருந்தாள். ஸ்கேஃபாய்டு கார்டில் மூன்று வரி சேர்த்தோம். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டில் அதிகம் உடைவது இதுதான். கட்டைவிரலை விறைப்பாக நீட்டும்போது அதன் அடியில் விழுகிற குழியை, அந்தக் காலத்தில் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய குழியை, அழுத்தினால் வலிக்கும்; முதல் நாள் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனை வழியாக உள்ளே வருவதால், உடைந்தால் முன்கைப் பக்கத் துண்டு ரத்தமில்லாமல் செத்துப்போகக்கூடும். இந்த மூன்று வரிக்குப் பிறகு ஸ்கேஃபாய்டு வெறும் பெயர் இல்லை, வெள்ளிக்கிழமை வண்டியிலிருந்து விழுந்து வந்த ஒரு பையனின் கை.

கிளம்பும் முன் அவள் கையை நீட்டச் சொன்னேன். சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு ரேகை ஓடுகிற இடத்தில் அழுத்தினால் ஒரு சிறு மேடு தட்டுப்படும். கையைத் தளர்த்தி வைத்தால் அது இடமும் வலமுமாகக் கொஞ்சம் அசையும். "இதுதானா மேம்?" என்றாள். தன் உள்ளங்கையை ஃபோனில் படமெடுத்து, அந்த மேட்டின் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். அன்றிரவு அதுவும் ஒரு கார்டாகியிருந்தது. அதில் மூடுவதற்குப் பெயரே இல்லை. புள்ளியைப் பார்த்து எலும்பின் பெயரைச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுத் தன் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும்.